ரிசப்ஷன் கச்சேரி: எதை நாமே கொண்டுபோவது, எதைச் சவுண்டு சர்வீஸிடம் விடுவது?

கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, ஒரு அக்கூஸ்டிக் கிடார், பாட இரண்டு பேர். தமிழ்நாட்டில் கல்யாண ரிசப்ஷனுக்குப் போகும் சின்ன லைட் மியூசிக் குழு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை, மண்டபத்தில் சுமார் 500 பேர், மூன்று மணி நேரப் பாட்டு. பொண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மூலை நமக்குக் கிடைக்கும். இந்தக் குழு வண்டியில் எதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முடிவெடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. வாத்தியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய், மைக், கேபிள், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மண்டபத்துச் சவுண்டு சர்வீஸிடம் விடுவது ஒன்று. ஸ்பீக்கர், மிக்சர் உட்பட எல்லாமே சொந்தமாக வைத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, நடுவில் ஒரு கோடு போட்டு, வாத்தியத்திலிருந்து மிக்சரில் செருகும் பின் வரைக்கும் நம்முடையது, அதற்கு அப்பால் அவர்களுடையது என்று பிரித்துக்கொள்வது.

முதல் வழி செலவும் சுமையும் குறைந்தது. ஆனால் கல்யாண மண்டபத்துக்கு வரும் சவுண்டு சர்வீஸின் அன்றாட வேலை வேறு. வரவேற்புப் பாட்டு போடுவது, அறிவிப்பு, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைப்பது. அதற்கு நாலு மைக், நாலு கேபிள் போதும். கிடாருக்கான கேபிளோ தபேலாவுக்கான குட்டை ஸ்டாண்டோ அவர்கள் பெட்டியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும், அந்தக் கேபிள் நேற்று எந்த ஊர்க் கொடையில் எத்தனை பேர் கால் பட்டுக் கிடந்தது என்று நமக்குத் தெரியாது.

இரண்டாவது வழியில் சத்தம் நம் கையில் இருக்கும். 150, 200 பேர் உட்காரும் சின்ன ஹால் என்றால், 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, நடுத்தர மிக்சர் ஒன்று வைத்து அழகாகச் செய்துவிடலாம். 500 பேர் மண்டபத்தில் அது போதாது. பெரிய ஸ்பீக்கர் என்றால் டெம்போ வேண்டும், ஏற்றி இறக்க ஆள் வேண்டும், வாசிக்கிறவர்களே வியர்வையோடு ஸ்பீக்கர் தூக்கிவிட்டு மேடையில் உட்கார வேண்டும். மண்டபக்காரர்களே "சவுண்டு எங்க ஆளுதான்" என்று சொல்லிவிடும் இடங்களும் உண்டு. மாதம் முழுக்கக் கச்சேரி இருக்கிற, சொந்த வண்டி வைத்திருக்கிற குழுவுக்கு மட்டும்தான் இது கட்டுப்படியாகும்.

என் தேர்வு மூன்றாவது வழி. காரணம், ரிசப்ஷன் கச்சேரி நடுவில் நின்றுபோவது பெரும்பாலும் சின்னப் பொருளால்தான். கேபிள் உள்ளே அறுந்திருக்கும், பின் தளர்ந்திருக்கும், அடாப்டர் ஒயர் கழுத்தில் ஒடிந்திருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும். அடிக்கடி மடங்கி, இழுபட்டு, செருகிப் பிடுங்கப்படும் பொருள்தான் முதலில் கெடும். அவை எல்லாம் கோட்டுக்கு நம் பக்கம் வந்துவிட்டால், அவற்றின் நிலைமை நமக்குத் தெரிந்திருக்கும். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வைத்த இடத்தில் நிற்பவை. அவற்றை தினமும் ஓட்டுகிறவர் நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்.

முதல் கேள்வி: மிக்சரில் எத்தனை மைக் இன்புட்?

இந்த வழியில் போகிறவர்கள் சவுண்டுகாரரிடம் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். "எத்தனை சேனல் மிக்சர்?" என்று கேட்டால் போதாது. 12 சேனல் மிக்சர் என்றால் 12 மைக் செருகலாம் என்று அர்த்தமில்லை. யமஹாவின் எம்ஜி12எக்ஸ்யூ மிக்சரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் 12 இருக்கிறது, ஆனால் மைக் இன்புட் 6தான். மற்றவை ஸ்டீரியோ லைன் இன்புட். அதாவது, மைக் கேபிளின் மூன்று முள் கேனன் பின் செருக 6 இடம்தான், மீதி பெரும்பாலும் கிடார் கேபிளின் கால் அங்குலப் பின் போகும் பி-38 துளைகள்.

நம் குழுவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாடகர்கள் 2, தபேலாவுக்கு இரண்டு மைக் என்றால் 2, கிடார் 1, கீபோர்டு 1, ரிதம் பேட் 1, போனிலிருந்து பின்னணி இசை டிராக் போட 1. மைக் இல்லாத ஒவ்வொன்றையும் டிஐ பாக்ஸ் என்னும் சின்ன இணைப்புப் பெட்டி வைத்துக் கேனனில் அனுப்பினால் 8 மைக் இன்புட் வேண்டும். இருப்பது 6. மேடைக்குப் போன பிறகு இது தெரிந்தால், சவுண்டுகாரர் தபேலாவின் ஒரு மைக்கைப் பிடுங்குவார், அல்லது கீபோர்டையும் பேடையும் ஒரே துளையில் ஒய் கேபிள் போட்டு இணைத்துவிடுவார். இரண்டு அவுட்புட்டை அப்படி நேரடியாக இணைப்பது நல்லதல்ல. ஒன்றின் சத்தத்தை மற்றொன்று இழுக்கும், சத்தம் உடையும்.

இங்கே இரண்டு தீர்வுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தபேலாவை விட்டுவிட்டு, தாளம் முழுவதையும் ரிதம் பேடில் வாசிப்பது முதல் தீர்வு. இரண்டு மைக் இன்புட் மிச்சம், கணக்கு 6-க்குள் அடங்கிவிடும். பேடுக்கு ஏசி காற்றும் மழைக்காலமும் ஒன்றுதான். தபேலாவின் தோல் அப்படியில்லை. ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும், உலர்ந்தால் இறுகி ஏறும். வெளியே புழுக்கமாக இருக்கும் ஊரில் ஏசி ஹாலுக்குள் கொண்டுபோனால், அரை மணி நேரத்தில் மறுபடி சுத்தியலை எடுக்க வேண்டிவரும். இதையெல்லாம் யோசித்தால் பேடுதான் லாபம் போலத் தெரியும். ஆனால் மெலடிப் பாட்டுக்குப் பின்னால் உண்மையான தபேலாவின் இடந்தலை குமுறி எழும்போது பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கூடத் தலை நிமிர்த்திப் பார்ப்பார். அதை விட எனக்கு மனம் வராது. குழுவில் தபேலா வாசிப்பவர் இருக்கிறார் என்றால் அவரை மைக் கணக்குக்காக வெளியே நிறுத்தக் கூடாது.

இரண்டாவது தீர்வு, மேடையிலேயே நம்முடைய சின்ன மிக்சர் ஒன்றை வைப்பது. கீபோர்டு, பேட், போன் மூன்றையும் அதில் கலந்து, ஒரே கேபிளில் பெரிய மிக்சருக்கு அனுப்பலாம். அப்போது கணக்கு: பாடகர்கள் 2, தபேலா 2, கிடார் 1, குட்டி மிக்சர் 1. சரியாக 6. அறிவிப்புக்கு மண்டபத்து ஒயர்லெஸ் மைக் வேண்டுமென்றால், அதன் ரிசீவரில் பெரும்பாலும் பி-38 அவுட்புட்டும் இருக்கும், அதை ஸ்டீரியோ லைன் சேனலில் செருகிக்கொள்ளலாம்.

குட்டி மிக்சரை இணைக்கும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கீபோர்டிலும் பேடிலும் L/MONO என்று எழுதியிருக்கும் துளையில்தான் ஒற்றைக் கேபிளைச் செருக வேண்டும். R துளையில் மட்டும் செருகினால் ஸ்டீரியோ சத்தத்தின் ஒரு பாதிதான் வரும். இரண்டையும் மிக்சரின் ஸ்டீரியோ சேனல்களில், அங்கேயும் இடது துளையில் போடுங்கள். இரண்டு பக்கமும் அதே சத்தம் போய்ச் சேரும். போனுக்கு நேர்மாறு. ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு பி-38 மோனோ பின் உள்ள கேபிளை எடுத்து, இரண்டு மோனோ சேனல்களில் செருகி, சத்தத்தை இடது வலது பக்கம் தள்ளும் பேன் திருகுகளை நடுவில் வையுங்கள். இப்போது மிக்சரின் இடது அவுட்புட்டை மட்டும் எடுத்தாலும் அதில் எல்லாமே இருக்கும்.

போனுக்கு இரண்டு பின் கேபிள் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கடையில் ஸ்டீரியோவிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போகும் ஒற்றைக் கேபிளும் கிடைக்கிறது. அதை மிக்சரின் மோனோ இன்புட்டில் செருகினால் வினோதமான ஒன்று நடக்கும். அந்த இன்புட் பேலன்ஸ்டு வகை. அது இடது சத்தத்திலிருந்து வலது சத்தத்தைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமாகப் பதிவான பேஸ், கிக் டிரம், குரல் எல்லாம் கழிந்து போய்விடும். ஓரத்தில் இருக்கும் வயலினும் எக்கோவும் மட்டும் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல ஒலிக்கும். டிராக் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, ஆனால் பேஸ் இல்லை என்றால் முதலில் இந்தக் கேபிளைப் பாருங்கள்.

குட்டி மிக்சருக்கு ஒரு குறையும் உண்டு. கீபோர்டு தனியாக, பேட் தனியாகச் சத்தம் கூட்டிக் குறைப்பது இனி சவுண்டுகாரரால் முடியாது, மேடையில் இருக்கும் கீபோர்டுக்காரர்தான் செய்ய வேண்டும். மேடையில் அவர் காதுக்குக் கேட்பதும் ஹாலில் கேட்பதும் ஒன்றல்ல. அதனால் சவுண்டு செக்கின்போது குழுவில் யாராவது ஒருவர் ஹாலின் நடுவில் போய் நின்று, பேட் அதிகமா குறைவா என்று கையால் சைகை காட்ட வேண்டும். மைக் இன்புட் 10, 12 இருக்கும் மிக்சர் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், குட்டி மிக்சரை வீட்டிலேயே வைத்துவிட்டு எல்லாவற்றையும் தனித்தனியாகவே அனுப்புங்கள். அதுதான் மேல்.

டிஐ பாக்ஸ்: பாசிவா, ஆக்டிவா?

வாத்தியத்தின் பி-38 சத்தத்தை, நீளமான கேனன் கேபிளில் போகும் பேலன்ஸ்டு மைக் அளவு சத்தமாக மாற்றுவதுதான் டிஐ பாக்ஸின் வேலை. கிடார் கேபிள் 6 மீட்டரைத் தாண்டினால் இரைச்சலை இழுக்கத் தொடங்கும், சில கிடார்களில் கூர்மையும் மழுங்கும். கேனன் கேபிள் 30 மீட்டர் போனாலும் கவலையில்லை.

பாசிவ் டிஐக்கு மின்சாரம் வேண்டாம். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். கீபோர்டு, பேட், குட்டி மிக்சர் போலச் சத்தம் பலமாக வரும் பொருள்களுக்கு இதுவே சரி. அந்த டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைப்பதால், எர்த் கோளாறால் வரும் "உம்ம்" சத்தம் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். ஆக்டிவ் டிஐக்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் ஃபாண்டம் பவரோ உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரியோ வேண்டும். கிடாருக்குள் பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் இல்லாமல் வெறும் பியசோ பிக்கப் மட்டும் இருந்தால் ஆக்டிவ்தான் வேண்டும். பாசிவில் போட்டால் சத்தம் மெலிந்து, தகரத்தில் தட்டினாற்போல வரும்.

நம் குழுவுக்கு இரண்டு டிஐ போதும். குட்டி மிக்சருக்கு ஒரு பாசிவ், கிடாருக்கு ஒரு ஆக்டிவ். கிடாரில் ப்ரீஆம்ப் இருக்கிறது என்றால் இரண்டுமே பாசிவாக வாங்கலாம். பேட்டரிக் கவலை ஒன்று குறையும், ஒன்று கெட்டால் மற்றொன்றை மாற்றிப் போடலாம்.

கேபிள்: அச்சில் வார்த்த பின்னா, திருகிக் கழற்றும் பின்னா?

இரண்டு வகை கேபிள் விற்கிறார்கள். ஒன்றில் பின்னும் ஒயரும் ரப்பரில் ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும். விலை குறைவு. மற்றொன்றில் பின்னின் மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே சால்டர் வைத்த இடம் தெரியும். கேபிள் எப்போதும் பின்னின் கழுத்தில்தான் அறுகிறது. வார்த்த கேபிள் அறுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். திருகும் பின் என்றால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி சால்டர் வைத்தால் புதுசு. அதனால் கச்சேரிக்கு இரண்டாவது வகைதான். சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒயரை மீட்டர் கணக்கிலும் நல்ல உலோகப் பின்களைத் தனியாகவும் வாங்கி, தாங்களே சால்டர் வைத்துக்கொள்கிறார்கள். கை பழகியவருக்கு அது மிக நல்ல வழி. பழகாதவர் ரெடிமேடாக வாங்கட்டும். அரைகுறை சால்டர் வைத்த கேபிள் வார்த்த கேபிளைவிட மோசம், வீட்டில் சோதிக்கும்போது வேலை செய்துவிட்டு மேடையில் கை கொடுக்காது.

கேபிள் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைச் சத்தமே சொல்லிவிடும். பி-38 கேபிளில் மேலுறை வலை அறுந்திருந்தால் பெரிய இரைச்சல் வரும், வாத்தியச் சத்தம் அதற்குள் மூழ்கிவிடும். நடுக் கம்பி அறுந்திருந்தால் அமைதி. பின்னை ஆட்டும்போது கரகரத்தால் அறுந்துகொண்டிருக்கிறது என்று பொருள், அன்றைக்கே அதை ஒதுக்குங்கள். கேனன் கேபிளில் இரண்டு சத்தக் கம்பிகளில் ஒன்று மட்டும் அறுந்தால் மைக் ஊமையாகாது. சத்தம் குறைந்து மெலிந்து வரும். "இந்த மைக் டல்லா இருக்கு" என்று மைக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், குற்றம் கேபிளில் இருக்கும். மைக்கை மாற்றும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம் ஸ்பீக்கர் கேபிள். அதற்கும் சில இடங்களில் பி-38 பின்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதற்குள் மேலுறை வலை கிடையாது. கிடாருக்கு அதைப் போட்டால் சீரியல் லைட்டின் இரைச்சல் முழுக்க ஸ்பீக்கரில் கேட்கும். மாறாக, மெல்லிய கிடார் கேபிளை ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டால் சூடேறும். இரண்டும் ஒரே பையில் இருக்கவே கூடாது.

எத்தனை வேண்டும்? பி-38 கேபிள்: கீபோர்டு, பேட், கிடார், குட்டி மிக்சரிலிருந்து டிஐ என்று நாலு தேவை. ஏழு எடுத்துக்கொள்ளுங்கள். கிடாருக்கானது 6 மீட்டர், மற்றவை 3 மீட்டர். ஸ்பேரில் ஒன்றாவது 6 மீட்டராக இருக்கட்டும், நீளமானது குட்டைக்கு உதவும், குட்டையானது நீளத்துக்கு உதவாது. கேனன்: ஆறு தேவை, எட்டு எடுத்துக்கொள்ளுங்கள், 10 மீட்டர் நீளத்தில். மிக்சர் ஹாலின் பின்பக்கம் இருக்கும் என்றால் மேடை வரை மல்ட்டிகோர், அதாவது பல மைக் லைன்கள் அடங்கிய ஒரே தடித்த கேபிள், கொண்டுவருவது சவுண்டுகாரர் பொறுப்பு, அதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். போன் கேபிள் இரண்டு.

மைக்: ஒயரா, ஒயர்லெஸ்ஸா?

பாடகர்கள் ஒயர்லெஸ்தான் கேட்பார்கள். மணமக்கள் பக்கம் போய் நின்று பாடலாம், சின்னப் பிள்ளைகளை ஆடக் கூப்பிடலாம். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் ரிசப்ஷன் ஹாலில் காற்று காலியாக இல்லை. நூற்றுக்கணக்கான போன்கள், மண்டபத்து வைஃபை, வீடியோக்காரர்களின் ஒயர்லெஸ் மைக்குகள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் விலை குறைந்த மைக்குகள் சவுண்டு செக் நேரத்தில், ஹால் காலியாக இருக்கும்போது, அருமையாக வேலை செய்யும். கூட்டம் நிறைந்ததும் விட்டு விட்டு வரும். வைஃபையும் அதே அலைவரிசை, மனித உடம்பும் அந்த அலையை நன்றாகத் தடுக்கும். யுஎச்எஃப் மைக் இதைவிட நம்பகமானது, ரிசீவரை மேடையிலேயே, பாடகரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தால்.

என் முடிவு: பாடகர் இருவருக்கும் சொந்தமாக ஒயர் உள்ள டைனமிக் மைக் ஒவ்வொன்று. ஒயர்லெஸ் ஒன்று மட்டும், அதுவும் யுஎச்எஃப், ஆடிப் பாடும் நாலைந்து பாட்டுக்காக. ஒயர்லெஸ் தடுமாறினால் உடனே எடுக்க ஸ்டாண்டில் ஒயர் மைக் காத்திருக்கும். தபேலாவுக்கு இரண்டு டைனமிக் மைக், இரண்டு குட்டை ஸ்டாண்டு நம்முடையவை. குட்டை ஸ்டாண்டு இல்லாமல் உயர ஸ்டாண்டை வளைத்துக் கட்டினால் கைக்குக் குறுக்கே நிற்கும்.

பேட்டரி விஷயத்தில், ரீசார்ஜ் செய்யும் செல்லும் பயன்படும், ஆனால் அது 1.2 வோல்ட்டிலேயே வெகுநேரம் நின்றுவிட்டுத் திடீரென்று விழும். சில மைக்குகளின் பேட்டரி விளக்கு கடைசி நிமிடம் வரை உண்மையைச் சொல்லாது. மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம். புது ஆல்கலைன் செல் இரண்டு போட்டுத் தொடங்குங்கள், அதே பாக்கெட்டில் இன்னும் நாலு இருக்கட்டும். பழைய செல் ரிமோட்டுக்கு ஆகும்.

மின்சாரம்

மேடை ஓரத்தில் இருக்கும் பிளக் பாயிண்ட் பல மண்டபங்களில் 16 ஆம்பியர், பெரிய துளை. நம் எக்ஸ்டென்ஷன் போர்டின் பின் 6 ஆம்பியர். இடையில் போட ஒரு கன்வர்ட்டர் பிளக் இல்லாததால், வாசிக்கத் தயாராக இருக்கும் குழு எலெக்ட்ரீஷியனைத் தேடிக்கொண்டு நிற்கும். இரண்டு கன்வர்ட்டர், மூன்று பின் உள்ள கனமான எக்ஸ்டென்ஷன் போர்டு இரண்டு, இவை நம் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டும்.

மேடைப் பொருள்களுக்கும் மிக்சருக்கும் முடிந்தவரை ஒரே பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். டெக்கரேஷன் லைட்டும் எல்இடி சுவரும் ஓடும் பாயிண்டில் செருக வேண்டாம். தனித்தனி இடத்திலிருந்து எடுத்து, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், கிடார் கம்பியில் கை வைத்துக்கொண்டு பாடுகிறவரின் உதடு மைக்கில் பட்டதும் சுரீர் என்று இழுக்கும். தொடங்கும் முன் டெஸ்டரை மைக் வலையில் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரி செய்யும் வரை யாரும் அந்த மைக்கைத் தொடக் கூடாது. இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இரைச்சல் போகும், உயிருக்கு இருந்த காப்பும் போகும். இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் பட்டனைப் பயன்படுத்துங்கள். லேப்டாப்பிலிருந்து டிராக் போடும்போது உம்மென்று வந்தால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில நொடிகளில் கீபோர்டும் பேடும் அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழும். அடுத்த பாட்டுக்கு வைத்திருந்த டோன், டெம்போ எல்லாம் போய்விடும். இதற்கு கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். கீபோர்டின் 12 வோல்ட் 1.5 ஆம்பியர் அடாப்டர் 18 வாட்தான், பேடும் குட்டி மிக்சரும் சேர்ந்தாலும் 50 வாட்டுக்குள் அடங்கும். ஸ்பீக்கரை அதில் செருகாதீர்கள். சில கீபோர்டுகள் பேட்டரியிலும் ஓடும், அந்த வகை என்றால் செல்களைப் போட்டு வைத்தால் யூபிஎஸ் தூக்க வேண்டியதில்லை. பேடுக்கும் மிக்சருக்கும் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது என்பதால் நான் யூபிஎஸ் பக்கம்தான்.

ஸ்பேர்: இரண்டாவது கீபோர்டா, ஒரு டப்பாவா?

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பல குழுக்கள் ஸ்பேருக்கு என்று இரண்டாவது கீபோர்டு வாங்க யோசிக்கின்றன. எதற்கு ஸ்பேர் வேண்டும் என்பதை இரண்டு கேள்வியால் முடிவு செய்யலாம். அது கெட்டால் கச்சேரி நிற்குமா? அந்த ஊரில் மாலை ஏழு மணிக்கு அதை வாங்க முடியுமா? கீபோர்டு நின்றால் கச்சேரி நிற்கும், உண்மைதான். ஆனால் நிற்பது அதன் உள் எலெக்ட்ரானிக்ஸ் கெட்டு அல்ல, பெரும்பாலும் அடாப்டரால். ஆகவே அதே வோல்ட், அதே போலாரிட்டி உள்ள இன்னொரு அடாப்டர்தான் அந்தக் கீபோர்டுக்கு முதல் ஸ்பேர்.

அடாப்டரில் பின் பொருந்துகிறது என்று மட்டும் பார்த்துச் செருகக் கூடாது. யமஹாவின் 12 வோல்ட் அடாப்டரில் நடுப் பின் பிளஸ். பாஸ் கம்பெனியின் கிடார் பெடல்கள் போன்றவற்றின் 9 வோல்ட் அடாப்டரில் நடுப் பின் மைனஸ். இருட்டு மேடையில் மாறினால் பொருளே போய்விடும். ஒவ்வொரு அடாப்டரிலும் வெள்ளை டேப் ஒட்டி, எந்த வாத்தியம் என்று தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். கீபோர்டின் டோன், ரிதம் எல்லாவற்றையும் பென்டிரைவில் சேமித்து வைத்தால், அதே மாடல் கீபோர்டை வேறு குழுவிடம் இரவல் வாங்கினாலும் சமாளிக்கலாம். சஸ்டெய்ன் பெடல் ஒரு ஸ்பேர் இருக்கட்டும். பல கீபோர்டுகள் ஆன் செய்யும் நொடியில்தான் பெடலின் தன்மையைப் படித்துக்கொள்ளும். கால் மிதித்தபடி ஆன் செய்தால் பெடல் தலைகீழாக வேலை செய்யும். அப்போது பெடலை மாற்ற வேண்டாம், கீபோர்டை அணைத்துவிட்டுக் காலை எடுத்து ஆன் செய்தால் சரியாகிவிடும்.

கிடாருக்கும் அப்படித்தான். இரண்டாவது கிடார் இருந்தால் நல்லது, பாட்டின் நடுவில் கம்பி அறுந்தால் கை மாற்றிவிடலாம். இடம் இல்லை என்றால் ஒரு முழு செட் கம்பியும், அதிகம் அறுகிற முதல் இரண்டு கம்பிகள் மட்டும் கூடுதலாக இரண்டிரண்டும், கம்பி சுற்றும் கைப்பிடியும், ஒரு கட்டிங் பிளேயரும் போதும். இன்னொன்றும் உண்டு. ப்ரீஆம்ப் உள்ள பெரும்பாலான கிடார்களில் பி-38 பின்னைச் செருகியதும் உள்ளே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். சவுண்டு செக் முடிந்து மூன்று மணி நேரம் சும்மா செருகியே கிடந்தால் அத்தனை நேரமும் தேயும். வாசிக்காத நேரத்தில் பின்னைக் கழற்றி வையுங்கள். கிடார் சத்தம் குறைந்து கரகரவென்று உடைந்து வந்தால் முதலில் மாற்ற வேண்டியது அந்த 9 வோல்ட் பேட்டரியைத்தான்.

தபேலாவுக்கு, அடுத்த சுருதியில் ஒரு வலந்தலை கூடுதலாக இருந்தால் பாடகர் சுருதி மாற்றச் சொன்னாலும் ஏசி கெடுத்தாலும் உதவும். அது பெரிய பொருள்தான், இருந்தாலும் நான் இடம் ஒதுக்குவேன். புதுசாக ஒரு தோல் மாட்டி வாங்க அந்த நேரத்தில் எந்த ஊரிலும் முடியாது. ரிதம் பேட் நின்றுபோனால் தபேலாவும் போனில் இருக்கும் டிராக்கும் கச்சேரியைத் தாங்கும். அதனால் பேடுக்கு ஸ்பேராக அடாப்டரும் இரண்டு ஸ்டிக்கும் மட்டும் போதும்.

டிராக்குகளை இரண்டு போன்களில் இறக்கி வையுங்கள், மண்டபத்து நெட்டை நம்ப வேண்டாம். வாசிக்கும் போன் ஏரோப்ளேன் மோடில் இருக்க வேண்டும். மாமா ஒருவரின் அழைப்பு மணி 500 பேருக்குக் கேட்க வேண்டியதில்லை. ஹெட்ஃபோன் துளை இல்லாத போன் என்றால் யூஎஸ்பி-சி மாற்றிப் பின் இரண்டு.

ஆக டப்பாவுக்குள் வருபவை: அடாப்டர்கள், ஸ்பேர் கேபிள்கள், ஆல்கலைன் செல்கள், 9 வோல்ட் பேட்டரி மூன்று, கிடார் கம்பிகள், கன்வர்ட்டர் பிளக், மைக் கிளிப் இரண்டு, டெஸ்டர், டார்ச், சின்ன ஸ்க்ரூ டிரைவர், துணி டேப் ஒரு ரோல். பிளாஸ்டிக் பேக்கிங் டேப் வேண்டாம், கேபிளில் பிசின் விட்டுப்போகும், தரையிலும் நிற்காது. பட்டுப் புடவை கட்டிய பெண்கள் மேடை ஏறி இறங்கும் வழியில் கேபிள் போகவே கூடாது. வேறு வழியில்லை என்றால் முழு நீளத்துக்கும் டேப் ஒட்டுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் வண்டியில் இருக்கட்டும், மேடைக்கு வேண்டாம்.

கச்சேரி முடிந்து சுருட்டும்போதுதான் பொருள் தொலையும். நம் கேபிளும் சவுண்டுகாரர் கேபிளும் ஒரே கறுப்பு. இரண்டு முனையிலும் ஒரே நிற டேப்பை, உதாரணமாகப் பச்சை, சுற்றி வையுங்கள். முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு அறுகும். ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் கீழாக மாற்றி மாற்றிச் சுருட்டினால் அடுத்த முறை வீசினாலே நேராக விரியும். டப்பா மூடியின் உள்பக்கம் எண்ணிக்கையை ஒட்டி வையுங்கள்: பி-38 ஏழு, கேனன் எட்டு, போன் கேபிள் இரண்டு, டிஐ இரண்டு, மைக் ஐந்து, குட்டை ஸ்டாண்டு இரண்டு. எண்ணிச் சரி பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள், பந்தி முடிந்து வருவதற்குள் சவுண்டுகாரர் வண்டி கிளம்பியிருக்கும்.